ஸ்பைனோசாரஸ் பக்கத்தை முதலில் பாருங்கள்: உண்மை கேட்கும் குழந்தைக்கு டைனோசர் நூல் தேர்ந்தெடுப்பது

டைனோசர் மீது பற்று கொண்ட குழந்தைகளில் ஒரு சாரார், சிரிக்கும் டைனோசரும் தொப்பி அணிந்த டைனோசரும் வரும் நூல்களை ஏழெட்டு வயதிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். "இது நிஜமாகவே இப்படித்தான் இருந்ததா?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்குப் பெற்றோர் வழக்கமாகக் காணும் விடை, கணினியில் தீட்டப்பட்ட, தோலின் சுருக்கமும் கண்ணின் ஈரமும் தெரிகிற படங்கள் நிறைந்த கனமான நூலொன்றை வாங்கித் தருவது. என் பார்வையில் இது பாதி வழியில் நின்றுவிடும் தீர்வு. கேலிச்சித்திரம் தன்னைக் கற்பனை என்று மறைக்காமல் காட்டிக்கொள்கிறது. நிழற்படம் போன்ற ஓவியமோ, அதில் எவ்வளவு கற்பனை கலந்திருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது. உண்மை கேட்கிற குழந்தையை ஏமாற்றும் வாய்ப்பு இரண்டாவதற்கே அதிகம்.

புதைபடிவங்களாக நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எலும்பும் பல்லும்தான். தோலின் பதிவு சில இடங்களில் கிடைத்திருக்கிறது. தசை, நிறம், குரல், நடத்தை ஆகியவை மிக அரிதாகவே தடயம் விட்டுச் சென்றிருக்கின்றன. ஆகவே எந்த டைனோசர் படமும் மூன்று அடுக்குகளால் ஆனது: பாறையிலிருந்து எடுக்கப்பட்டது, உறவுடைய மற்ற விலங்குகளோடு ஒப்பிட்டு ஊகித்தது, இரண்டுக்கும் எட்டாத இடத்தில் ஓவியர் தாமே முடிவு செய்தது. இந்த மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதைச் சொல்லும் நூல்தான் அந்தக் குழந்தைக்கு உரியது. ஒரு நூல் அதைச் செய்கிறதா என்று அறிய அதை முழுதும் படிக்கத் தேவையில்லை. ஸ்பைனோசாரஸ் இடம்பெறும் பக்கம் ஒன்றே போதும். டைனோசர் நூல்களில் அநேகமாகத் தவறாமல் வரும் விலங்கு அது. கடந்த நூறாண்டுகளில் அதைப் போல உருவம் மாறிய டைனோசரும் அதிகமில்லை.

எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலைப் பகுதியில் 1912-இல் கிடைத்த எலும்புகளை வைத்து, எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் 1915-இல் இந்த விலங்குக்குப் பெயரிட்டார். அவரிடம் இருந்தவை கீழ்த்தாடையின் ஒரு பகுதி, சில பற்கள், முதுகெலும்புத் துண்டுகள், அவற்றின் மேல் செங்குத்தாக எழும்பிய நீண்ட முள்ளெலும்புகள் போன்றவைதாம். அந்த முள்ளெலும்புகளில் மிக நீண்டது ஏறத்தாழ 1.65 மீட்டர் இருந்தது. கால் எலும்புகளோ முழு மண்டையோடோ அவரிடம் இல்லை. மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அந்த எலும்புகள், இரண்டாம் உலகப் போரின்போது 1944 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சில் அழிந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்த விலங்கைப் பற்றிய அறிவு, ஸ்ட்ரோமர் எழுதிய விவரிப்பையும் அவர் வெளியிட்ட வரைபடங்களையும் பெரிதும் சார்ந்திருந்தது.

அப்படியிருக்க, அந்தக் காலத்து நூல்களில் முழு உடலோடு நின்ற ஸ்பைனோசாரஸ் எங்கிருந்து வந்தது? பெரிய ஊனுண்ணி டைனோசர்களின் பொது உடலமைப்பை எடுத்து, இரண்டு பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கச் செய்து, முதுகில் பாய்மரம் போன்ற ஒன்றை ஏற்றிவைத்தார்கள். தலையும் பல நேரங்களில் டைரனோசாரஸின் தலையைப் போலவே கனத்த பெட்டி வடிவில் இருந்தது. அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. இல்லாத எலும்பை நெருங்கிய உறவினரிடமிருந்து கடன் வாங்குவது இத்துறையின் முறைதான். எது கடன், எது சொந்தம் என்று வாசகருக்குச் சொல்லாமல் விட்டதே குறை.

இங்கிலாந்தில் 1983-இல் கண்டெடுக்கப்பட்டு 1986-இல் பெயரிடப்பட்ட பேரியோனிக்ஸ் என்ற உறவினர் இந்தப் படத்தை மாற்றியது. அதன் முகம் முதலையின் முகம் போல நீண்டு குறுகியிருந்தது. அதன் வயிற்றுப் பகுதியில் அமிலம் அரித்த மீன் செதில்கள் இருந்தன. ஸ்பைனோசாரஸின் தாடைத் துண்டும் இதே வகையைச் சேர்ந்தது என்று புரிந்தபின், அதற்குப் பின் வந்த நல்ல நூல்கள் அதன் முகத்தை நீட்டின. பேரியோனிக்ஸின் உடலுக்குள் இகுவானோடான் என்ற தாவர உண்ணி டைனோசரின் குட்டி ஒன்றின் எலும்புகளும் இருந்தன என்பதைப் பல குழந்தை நூல்கள் விட்டுவிடுகின்றன. மீன் தின்னும் டைனோசர் என்ற எளிய முத்திரைக்கு அந்தச் சின்னத் தகவல் இடைஞ்சலாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உண்மை கேட்கிற குழந்தைக்கோ மிகவும் பிடிப்பது அந்த இடைஞ்சல்தான்.

அடுத்த பெரிய மாற்றம் 2014-இல் வந்தது. மொராக்கோவின் கெம் கெம் படிவுகளிலிருந்து கிடைத்த புதிய எலும்புகளை நிஸார் இப்ராஹிமும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். பின்னங்கால்கள் எதிர்பார்த்ததைவிட மிகவும் குட்டையாக இருந்தன. கால் எலும்புகளின் உட்பகுதி, நீரில் வாழும் பல விலங்குகளின் எலும்பைப் போல அடர்த்தியாக இருந்தது. இதிலிருந்து இது பெரும்பொழுதை நீரில் கழித்த டைனோசர் என்ற கருத்து பிறந்தது. அந்த ஆய்வில் உருவாக்கிய முழு உடல் மாதிரி ஒரே விலங்கின் எலும்புகளால் ஆனதன்று. புதிய எலும்புகள், ஸ்ட்ரோமரின் பழைய வரைபடங்கள், வேறு இடங்களில் தனித்தனியாகக் கிடைத்த துண்டுகள், உறவினர்களின் எலும்புகள் ஆகியவற்றை அளவு மாற்றிப் பொருத்தியது அது. அப்படிப் பொருத்தியதில் விகிதம் பிசகியிருக்கலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் அப்போதே வினவினார்கள். 2020-இல் அதே மொராக்கோ விலங்கின் வால் எலும்புகள் வெளியிடப்பட்டன. அவற்றின் மேலும் கீழும் நீண்ட முட்கள் இருந்ததால், வால் துடுப்புப் போல உயர்ந்து தட்டையாக இருந்தது தெரியவந்தது.

இத்தோடு விவாதம் முடிந்தது என்று எழுதும் நூல்கள் இருக்கின்றன, ஆனால் முடியவில்லை. 2022-இல் வந்த ஓர் ஆய்வு, எலும்பின் அடர்த்தியைப் பல்வேறு விலங்குகளோடு ஒப்பிட்டு, ஸ்பைனோசாரஸ் நீருக்கடியில் சென்று இரை தேடியது என்றது. அதே ஆண்டில் பால் செரினோவின் குழு வெளியிட்ட ஆய்வு, உடலின் கணினி மாதிரியைக் கொண்டு, அது நீரில் மிதக்கும், எளிதில் நிலைகுலையும், மூழ்கவோ வேகமாக நீந்தவோ அதனால் இயலாது, கரையோர ஆழமற்ற நீரில் நின்று வேட்டையாடியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. இரண்டு தரப்பும் பயன்படுத்தியவை ஏறத்தாழ அதே எலும்புகள்தாம்.

இப்போது கையிலுள்ள நூலில் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். ஸ்பைனோசாரஸ் குட்டை முகத்தோடு நிமிர்ந்து நின்றால், நூல் எந்த ஆண்டில் அச்சானதாயினும் அதன் தகவல் பழையது. நீண்ட முகம் இருந்து, சாதாரண ஒல்லியான வால் இருந்தால், 2020-க்கு முந்தைய நிலையில் அது நிற்கிறது. துடுப்பு வாலோடு ஆழ்நீரில் மீனைத் துரத்திக்கொண்டிருந்தால் எலும்புச் செய்தி புதியதுதான். ஆனால் உரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "ஸ்பைனோசாரஸ் நீந்தி மீன் பிடித்தது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது ஒரு தரப்பின் முடிவை உண்மையாக விற்கிறது. "வால் துடுப்புப் போல இருந்தது, அதைக் கொண்டு ஆழத்தில் நீந்தியதா, கரையோரம் நின்றதா என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை" என்ற பொருளில் இரண்டு வாக்கியம் இருந்தால், நூலின் மற்றப் பக்கங்களையும் பெரும்பாலும் நம்பலாம். அதே பக்கத்தில் எந்த எலும்புகள் கிடைத்தன என்று நிறம் வேறுபடுத்திக் காட்டும் எலும்புக்கூட்டு வரைபடமும் இருந்துவிட்டால், விலையைப் பார்க்காமல் வாங்கலாம் என்பேன்.

அந்த நிறம் பிரித்த வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இது வழக்கமான ஒன்று: விலங்கின் நிழலுருவைக் கறுப்பாக வரைந்து, கிடைத்த எலும்புகளை மட்டும் வெள்ளையாகவோ வேறு நிறத்திலோ காட்டுவார்கள். குழந்தைகளுக்கான நூல்களில் இது அரிதாகவே வருகிறது. வந்தால் பத்துப் பக்க விளக்கத்துக்கு ஈடாகிறது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள 'சூ' என்ற டைரனோசாரஸுக்கு, பருமன் கணக்கில் சுமார் 90 சதவீத எலும்பு கிடைத்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்று என்று எல்லா நூலும் சொல்லும் அர்ஜெண்டினோசாரஸுக்கோ, சில முதுகெலும்புகளும் காலெலும்புத் துண்டுகளும் போலச் சொற்பமே கிடைத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே உறுதியோடு முழு உடலாக வரைந்து, பக்கத்தில் நீளத்தையும் எடையையும் ஒற்றை எண்ணாகப் போடும் நூல், அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. அர்ஜெண்டினோசாரஸுக்கு 30 மீட்டர் முதல் 40 மீட்டர் வரை நீளம் சொல்லப்படுகிறது. அப்படி வரம்பாகச் சொல்வதே நேர்மை. உண்மை விரும்பும் குழந்தை வரம்பைக் கண்டு சலித்துக்கொள்ளாது. "ஏன் சரியாகத் தெரியவில்லை?" என்றுதான் கேட்கும், நூல் அடுத்த வரியிலேயே அதற்கு விடை சொல்லிவிட்டால் நமக்கும் வேலை மிச்சம்.

நிறம் இன்னொரு நல்ல சோதனை. டைனோசர்களின் நிறத்தை அறியவே முடியாது என்று எழுதும் நூல் பழையது. எல்லா டைனோசருக்கும் நிறம் தெரிந்தது போலத் தீட்டும் நூல் கற்பனை செய்கிறது. உண்மை இடையில் இருக்கிறது. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்து 1996-இல் அறிவிக்கப்பட்ட சினோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் உடலைச் சுற்றி இழை போன்ற இறகுகளின் பதிவு இருந்தது. அந்த இழைகளுக்குள் மெலனோசோம் எனப்படும் நுண்ணிய நிறமிப் பைகளின் எச்சத்தை நுண்ணோக்கியில் கண்டு, அவற்றின் வடிவத்தை இன்றைய பறவைகளின் இறகோடு ஒப்பிட்டு, வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்று 2010-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீண்ட பை ஒரு நிறத்துக்கும் உருண்டைப் பை வேறொரு நிறத்துக்கும் உரியது என்பதே இந்த ஒப்பீட்டின் அடிப்படை. இப்படிச் சான்றோடு நிறம் தெரிந்த டைனோசர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. டைரனோசாரஸ் அவற்றில் இல்லை. ஆகவே நூலில் சினோசாரோப்டெரிக்ஸ் பச்சையாக இருந்தால் அது பிழை. டைரனோசாரஸ் பச்சையாக இருந்தால் அது ஓவியரின் உரிமை. இந்த வேறுபாட்டை ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டால், பிறகு குழந்தை தானே பக்கம் பக்கமாகச் சோதிக்கத் தொடங்கிவிடும்.

காலத்தைப் பற்றிய பக்கத்தில்தான் மிக மோசமான தவறுகள் காணப்படுகின்றன. டைனோசர் எலும்பின் வயதைக் கார்பன் முறையால் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு நூல் எழுதியிருந்தால், அதை அங்கேயே மூடி வைத்துவிடலாம். கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. சுமார் 50,000 ஆண்டுகளுக்குப் பின் அளக்கத்தக்க அளவு மிஞ்சுவதில்லை. கடைசிப் பெரிய டைனோசர்கள் மறைந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். உண்மையில் எலும்பின் வயது பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. எலும்பு கிடைத்த படிவுப் பாறைக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் படலங்கள் இருந்தால், அவற்றிலுள்ள சிர்கான் என்ற நுண்படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். கீழ்ப் படலம் எலும்பைவிடப் பழையது, மேல் படலம் எலும்பைவிடப் புதியது. எலும்பின் வயது இரண்டுக்கும் நடுவில். எட்டு வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். அதைப் பாறை அடுக்குகளின் வெட்டுத்தோற்றப் படமாகக் காட்டும் நூல் கிடைத்தால் தயங்கக் கூடாது.

காலத்தோடு தொடர்புடைய வேறொரு பிழை, ஸ்டெகோசாரஸும் டைரனோசாரஸும் சண்டையிடும் காட்சி. ஸ்டெகோசாரஸ் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. டைரனோசாரஸ் சுமார் 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை வாழ்ந்தது. அதாவது ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் உள்ள இடைவெளி, டைரனோசாரஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது.

உருவத்தில் வரும் மற்றப் பிழைகளை விரைவாகவே சொல்லிவிடலாம். இரண்டு காலில் நடந்த ஊனுண்ணிகளின் உள்ளங்கை தரையை நோக்கித் தொங்கினால் தவறு. அவற்றின் கைகள் ஒன்றையொன்று நோக்கியிருந்தன. வால் தரையில் இழுபட்டால் தவறு. காலடித் தடங்கள் ஏராளமாகக் கிடைத்தும் அவற்றோடு வால் இழுபட்ட தடம் அரிதாகவே காணப்படுகிறது. இறகில்லாத வெலாசிராப்டர் தவறு. அதன் முன்கை எலும்பில் இறகுத் தண்டுகள் பதிந்திருந்த புடைப்புகளை 2007-இல் காட்டினார்கள். அது மனிதன் உயரத்துக்கு நின்றாலும் தவறு. பெரிய வான்கோழி அளவுதான் இருந்தது. பறக்கும் டெரோசாரையும் கடலில் வாழ்ந்த இக்தியோசாரையும் முதுகில் பாய்மரம் கொண்ட டைமெட்ரோடானையும் 'டைனோசர்கள்' என்ற தலைப்பின் கீழ் எந்தக் குறிப்பும் இன்றிச் சேர்த்திருந்தால், எழுதியவருக்குத் துறை தெரியாது என்று பொருள். இவற்றுள் டைமெட்ரோடான், முதல் டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டது. வம்சத்தில் அது நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்கே நெருங்கியது.

பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தைப் பெற்றோர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கடைசியாக அச்சிட்ட ஆண்டைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. 1998-இல் எழுதப்பட்ட நூல் 2023-இல் புதிய அட்டையோடு மறு அச்சாகியிருக்கலாம். உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. முதற்பதிப்பின் ஆண்டையும், திருத்தம் செய்ததாகத் தெளிவாகச் சொல்லியிருந்தால் அந்த ஆண்டையும் பார்க்க வேண்டும். அறிவியல் ஆலோசகர் ஒருவரின் பெயரும் அவர் பணியாற்றும் அருங்காட்சியகமோ பல்கலைக்கழகமோ குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே காணலாம். ஆலோசகர் இருப்பது முழுக் காப்பீடு ஆகாது. உரையை அவர் சரிபார்த்திருப்பார், படங்களை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்டு. உரை ஒன்று சொல்ல, அதே பக்கத்துப் படம் வேறொன்று காட்டினால் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

டைனோசர் நூலோடு நின்றுவிடாமல் புதைபடிவங்களைப் பற்றிய நூல் ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது. உண்மை தேடும் குழந்தைக்கு அதுவே கூடுதல் தீனி தரும். அங்கே விலங்கைவிடச் சான்றே முன்னே வருகிறது. கனடாவின் சஸ்காச்சுவானில் கிடைத்து 1998-இல் விவரிக்கப்பட்ட 44 சென்டிமீட்டர் நீளமுள்ள புதைபடிவச் சாணம் நல்ல எடுத்துக்காட்டு. அதற்குள் நொறுங்கிய எலும்புத் துணுக்குகள் நிறைந்திருந்தன. அந்த அளவில் சாணம் இடக்கூடிய ஊனுண்ணி அந்தப் பாறையின் காலத்தில் அந்த இடத்தில் டைரனோசாரஸ் மட்டுமே என்பதால், அது டைரனோசாரஸின் சாணமாகவே கருதப்படுகிறது. இரையை எலும்போடு நொறுக்கி விழுங்கியது என்பதற்கு அது சான்று. சாணம் என்ற சொல்லுக்கே சிரிக்கும் வயதில் இந்தத் தருக்கத்தைச் சொல்லிக் கொடுப்பது எளிது. காலடித் தடம், முட்டை, கூடு, கடித்த தழும்பு போன்ற தடயப் படிவங்களுக்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்கியிருக்கும் நூலைத் தேர்ந்தெடுங்கள். படங்களின் கீழே 'அசல்', 'வார்ப்பு நகல்' என்று பிரித்துக் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அருங்காட்சியகங்களில் கம்பீரமாக நிற்கும் எலும்புக்கூடுகளில் பல, அசலிலிருந்து அச்செடுத்த நகல்கள். அதைச் சொல்வதால் அவற்றின் மதிப்புக் குறைவதில்லை. சொல்லாமல் விட்டால் பின்னால் அறிந்துகொள்ளும் குழந்தை வருந்தும்.

வயதுக்கு மீறிய நூலாக இருக்கிறதே என்ற தயக்கம் இந்தத் துறையில் அவ்வளவாகத் தேவையில்லை. அட்டையில் அச்சிட்ட வயது வரம்பு பெரும்பாலும் வாக்கியத்தின் நீளத்தைக் கருதிப் போடப்படுவது. பாக்கிசெஃபலோசாரஸ் என்ற பெயரைத் தடுமாறாமல் சொல்லும் ஏழு வயதுக் குழந்தைக்கு 'முள்ளெலும்பு', 'படிவுப் பாறை' என்ற சொற்கள் தடையாகா. நீண்ட பத்திகளைப் பெரியவர் படித்துச் சொன்னால் போதும். படம், அளவுகோல், வரைபடம், காலக்கோடு ஆகியவற்றைக் குழந்தை தானே படித்துக்கொள்ளும்.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும், வீட்டில் உள்ள இரண்டு நூல்கள் ஒன்றோடொன்று முரண்படும் நாள் வரும். பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரண்டு ஸ்பைனோசாரஸ் படங்களையும் அருகருகே வைத்து, எது முந்தையது, இடையில் எந்த எலும்பு கிடைத்ததால் படம் மாறியது, எந்த மாற்றத்துக்கு எலும்பே கிடைக்கவில்லை என்று குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். வாலின் மாற்றத்துக்கு 2020-இல் வெளியான எலும்புகள் இருக்கின்றன. முதுகுப் பாய்மரத்தின் நிறம் நீலத்திலிருந்து சிவப்பாக மாறியிருந்தால், அதற்கு எந்த எலும்பும் இல்லை.